‘சரிபார்ப்பில் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற சமாதானம்

“டைப் பண்ணும்போது ஒரு நம்பர் மாறிடுச்சு சார். நாங்க செங்குந்தருன்னு ஊருக்கே தெரியும். அதுக்காக வேலையே இல்லைன்னா எப்படி?”

ஆரணியில் அரசுத் தேர்வு எழுதும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தக் கேள்வி புதிதல்ல. தறி மேடையிலும் கேட்கலாம், பட்டுக் கடை வாசலிலும் கேட்கலாம். கேட்பவருக்கு உடனே தலையாட்டுபவர்கள்தான் அதிகம். எனக்கு மட்டும் தலையாட்ட முடியவில்லை. கோபம் புரிகிறது. அதற்குச் சொல்லும் காரணம்தான் தவறு. அந்தத் தவறான காரணத்தை நம்பித்தான் அடுத்த ஆண்டு அடுத்த பிள்ளையும் அதே மாதிரி விண்ணப்பத்தை அனுப்புகிறது.

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு வைத்துவிடுகிறேன். சாதி என்பது பிறப்பில் வந்த உண்மை. சான்றிதழ் அந்த உண்மைக்கு ஒரு சாட்சி மட்டுமே. சாட்சியின் எண்ணை எழுதுவதில் கை தவறினால் உண்மை பொய்யாகிவிடாது. விண்ணப்பிப்பவர் வழக்கறிஞர் அல்ல, பெரும்பாலும் பிரௌசிங் சென்டரில் வரிசையில் நின்று நிரப்பும் இருபது வயதுப் பிள்ளை. தேர்வு முடிந்தபின் எப்படியும் மூலச் சான்றிதழ்களைக் கையில் வாங்கிப் பார்க்கிறார்கள். அப்போது திருத்திக்கொண்டால் யாருக்கு நஷ்டம்? நீதிமன்றங்களே இதை ஏற்றிருக்கின்றனவே. கிருஷ்ண அய்யர் 1980இல் சார்லஸ் ஸ்காரியா வழக்கில், தகுதி இருப்பது வேறு, அதற்கான காகிதத்தை நீட்டுவது வேறு என்று பிரித்துக் காட்டினார். 2016இல் ராம்குமார் கிஜ்ரோயா வழக்கில், கடைசித் தேதிக்குப் பிறகு ஓபிசி சான்றிதழ் கொடுத்தவரை உச்ச நீதிமன்றம் ஏற்கச் சொன்னது. அப்படியிருக்க, ஓர் இலக்கத்துக்காக நிராகரிப்பது அதிகாரத் திமிர் அல்லாமல் வேறென்ன?

வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு கண்ணியாக இழுத்துப் பார்ப்போம்.

மறுப்பு 1. விண்ணப்பம் உங்கள் சாதியைக் கேட்கிறது என்று யார் சொன்னது?

விண்ணப்பம் முதலில் கேட்பது பிரிவை. சாதியின் பெயர் அதற்கு அடுத்த கட்டத்தில்தான் வருகிறது. பிரிவு என்பது அரசாணையில் எழுதி, விழுக்காடு ஒதுக்கி, இடங்களை எண்ணி வைத்த ஒரு வரிசை. தமிழ்நாட்டில் அந்தக் கணக்கு இப்படி: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் சேர்த்து 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. மொத்தம் 69. மீதி 31 பொதுப் போட்டி. ‘நான் யார்’ என்பது பிறப்பு. ‘நான் எந்த வரிசையில் நிற்கிறேன்’ என்பது கோரிக்கை. விண்ணப்பத்தில் நீங்கள் செய்வது இரண்டாவது.

ஊருக்குத் தெரிந்த பெயர் இந்த வரிசையைக் காட்டாது என்பதற்கு ஆரணியைவிட நல்ல ஊர் கிடைக்காது. இங்கே ‘முதலியார்’ என்று சொன்னால் யாரைச் சொல்கிறீர்கள்? தறி போடும் செங்குந்தரும் முதலியார்தான். துளுவ வேளாளரும் முதலியார்தான். செங்குந்தர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் கைக்கோளர் என்ற பெயரோடு சேர்ந்து வருகிறார்கள். துளுவ வேளாளர் அதே பட்டியலில் அகமுடையார் என்ற பதிவுக்குள் வருகிறார்கள். தொண்டை மண்டலத்தில் எந்தப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும் வராத முதலியார்களும் இருக்கிறார்கள். ஆகவே பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘இந்து முதலியார்’ என்று எழுதியிருந்தால், அது அரசாங்கக் கணக்கில் எதையும் சொல்லவில்லை. அது பட்டம், பட்டியல் பெயர் அல்ல. ஆனால் நிரப்பும் இடத்தில் உட்காருபவர் பள்ளிச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டு, கீழிறங்கும் பட்டியலில் ‘முதலியார்’ தேடி, கிடைக்காமல், அருகில் தெரிந்த ஒன்றை அழுத்திவிடுகிறார். தாசில்தார் அலுவலகச் சான்றிதழில் இருப்பதோ ‘செங்குந்தர்’. சரிபார்க்கும் அலுவலர் முன் இப்போது இரண்டு சாதிகள். ஊர் சொல்லும் என்பது அவருக்கு எந்த உதவியும் செய்யாது. ஊரை அவர் மேசைக்கு அழைக்க முடியாது.

இன்னொரு உதாரணம் ஆரணியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். வன்னியர்களுக்கு மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பங்குக்குள் 10.5 விழுக்காடு தனியாக ஒதுக்கும் சட்டம் 2021 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை உறுதி செய்தது. இந்தப் பதின்மூன்று மாதத்தில் எந்த வன்னியரின் சாதியும் மாறவில்லை. அவர் நின்ற வரிசையின் பெயர் மட்டும் வந்து போனது. பிரிவும் சாதியும் ஒன்றே என்று நினைப்பவர்கள் இந்த ஒன்றை யோசித்தாலே போதும்.

2007க்கு முன் ‘பிற்படுத்தப்பட்டோர்’ என்று மட்டும் சான்றிதழ் வாங்கிய லெப்பை குடும்பத்துக்கும் இதே கதைதான். இன்று அவர்களுக்கு வரிசை வேறு.

மறுப்பு 2. பிசி என்றால் ஓபிசி தானே?

தானே அல்ல. ஆரணியில் நான் பார்க்கும் தவறுகளில் அதிகம் விலை கொடுக்க வைப்பது இதுதான். ஆகவே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

மாநில அரசின் சாதிச் சான்றிதழ் இ-சேவையில் REV-101 என்ற எண்ணில் விண்ணப்பித்துப் பெறுவது. ஒன்றிய அரசு வேலைக்கான ஓபிசி சான்றிதழ் REV-115. இரண்டும் ஒரே வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வரலாம், இரண்டிலும் ஒரே சாதிப் பெயர் இருக்கலாம். ஆனால் இரண்டும் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில். REV-101 சொல்வது: இவர் இந்தச் சாதி, மாநிலப் பட்டியலில் இந்தப் பிரிவு. அவ்வளவுதான். தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் கிரீமி லேயர் கிடையாது என்பதால் குடும்ப வருமானம் பற்றி அது வாய் திறக்காது. REV-115 இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, இந்தச் சாதி ஒன்றிய அரசின் பட்டியலில் இருக்கிறது. மற்றொன்று, இவர் 1993 செப்டம்பர் 8 தேதியிட்ட ஒன்றிய அரசு ஆணையின்படி கிரீமி லேயரில் வரவில்லை. அந்த வருமான வரம்பு 2017லிருந்து ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய்.

சாதி பிறப்பில் வருவது, மாறாது. கிரீமி லேயர் நிலை குடும்பத்தின் பொருளாதாரத்தைப் பொறுத்தது, மாறும். அதனால்தான் ஓபிசி சான்றிதழுக்கு எந்தத் தேதிக்குள் வாங்கியது, எந்த ஆண்டைச் சேர்ந்தது என்ற கேள்வி வருகிறது. மாநிலச் சான்றிதழுக்கு அந்தக் கேள்வி அவ்வளவு கூர்மையாக வருவதில்லை. வங்கித் தேர்வுக்கு ஒரு கால வரம்பு, ரயில்வேக்கு ஒன்று, பணியாளர் தேர்வாணையத்துக்கு இன்னொன்று என்று ஒவ்வொரு அறிவிக்கையும் தனக்கென்று ஒன்றை எழுதுகிறது. பழைய சான்றிதழில் சாதி சரியாக இருக்கிறதே என்று வாதாடுபவர், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறார்.

இடையில் ஒரு செய்தி, நெசவாளர் வீடுகள் அறிய வேண்டியது. அந்த 1993 ஆணையே, கைவினைஞர்களாகவும் பரம்பரைத் தொழில்களிலும் இருப்பவர்களுக்குக் கிரீமி லேயர் விலக்கு விதி பொருந்தாது என்று சொல்கிறது. சம்பளமும் விவசாய வருமானமும் வருமானச் சோதனையில் சேராது. ஆகவே ‘எங்களுக்கு நிலமும் இருக்கிறது, ஓபிசி கிடைக்காது’ என்று REV-115 பக்கமே போகாமல் இருப்பதும் தவறு. பயந்து கேட்காமல் விடுவதும், கேட்காமலேயே ‘ஓபிசி’யைத் தேர்வு செய்துவிடுவதும் ஒரே அறியாமையின் இரண்டு முனைகள்.

மறுப்பு 3. எண்ணில் என்ன இருக்கிறது?

எண்ணில் முகவரி இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

சான்றிதழ் என்பது உங்கள் கையில் உள்ள தாள் மட்டும் அல்ல. அது வருவாய்த் துறையின் பதிவில் உள்ள ஒரு வரியின் நகல். அந்த வரிக்குப் போகும் வழி எண். இணையவழிச் சான்றிதழின் எண் `TN-` என்று தொடங்கி நீளமான இலக்கங்களாக இருக்கும். மின்கையொப்பமும் கியூஆர் கோடும் அதிலேயே இருக்கின்றன. அந்த எண்ணை வைத்து யார் வேண்டுமானாலும் அரசின் தளத்தில் உண்மை பார்க்கலாம். ஓர் இலக்கம் மாறினால் ஒன்று பதிவே கிடைக்காது, அல்லது இன்னொருவர் வீட்டுச் சான்றிதழ் திறக்கும். இரண்டும் சரிபார்ப்பவருக்கு ஒரே செய்தியைத்தான் தருகின்றன: விண்ணப்பதாரர் குறிப்பிட்ட ஆவணம் இல்லை. உண்மையான ஆவணம் வேறெங்கோ இருக்கலாம். ஆனால் அவர் கோரியது இதை வைத்து.

தறியில் இருப்பவர்களுக்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பாவு இழையை விழுதில் வாங்கி அச்சில் கோக்கும்போது ஓர் இழை கண் மாறிவிட்டால், அந்த முழம் மட்டும் கெடுவதில்லை. பாவு தீரும்வரை நீளவாக்கில் கோடு விழுந்துகொண்டே வரும். பட்டு நல்ல பட்டு, ஜரிகை நல்ல ஜரிகை என்று சொல்லி யாரும் அந்தச் சேலையை முழு விலைக்கு எடுப்பதில்லை.

எண் தனியாக வருவதும் இல்லை. எண், வழங்கிய நாள், வழங்கிய அலுவலரின் பதவி, வட்டம், மாவட்டம் ஆகியவை ஒன்றாகத்தான் கேட்கப்படுகின்றன. ஆரணியில் முப்பது வயதை நெருங்கும் பலரிடம் இரண்டு சான்றிதழ்கள் இருக்கும். ஒன்று, பள்ளியில் படிக்கும்போது வாங்கிய பழைய அட்டை. கையால் எழுதிய எண், லேமினேஷன். மற்றொன்று, பிறகு இ-சேவையில் எடுத்தது. இரண்டுமே செல்லும். சிக்கல் இரண்டையும் கலப்பதில் வருகிறது. புதியதிலிருந்து எண், பழையதிலிருந்து தேதி, இரண்டிலும் தெளிவாக இல்லாத பதவிக்கு ஊகத்தில் ‘தாசில்தார்’. கடைசியில் விண்ணப்பத்தில் இருப்பது உலகத்தில் எங்கும் இல்லாத மூன்றாவது ஒரு சான்றிதழ்.

பதவியும் அலங்காரம் அல்ல. பழங்குடியினர் சான்றிதழை 1989 நவம்பர் 11 முதல் கோட்டாட்சியர் நிலையில் உள்ளவர்தான் தர வேண்டும்; ஆதிதிராவிடருக்கு வட்டாட்சியர்; பிற்படுத்தப்பட்டோருக்குப் பெரும்பாலும் தலைமையிடத்துத் துணை வட்டாட்சியரின் கையொப்பம் இருக்கும். ‘துணை’ என்ற சொல்லை மரியாதைக் குறைவு என்று விட்டுவிட்டு வட்டாட்சியர் என்று நிரப்புபவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெற்றோர் காலத்துச் சான்றிதழ் என்றால் மாவட்டமே வேறு. திருவண்ணாமலை மாவட்டம் பிறந்தது 1989இல். அதற்கு முந்தைய ஆரணிச் சான்றிதழில் வட ஆற்காடு என்றுதான் இருக்கும். அப்பாவின் சான்றிதழ் எண்ணைத் தன் எண்ணாக எழுதிவிடும் பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம், அப்பாவுடையது ஆதாரம், உங்களுடையது அல்ல என்று சொல்வதைவிட வேறென்ன சொல்வது?

மறுப்பு 4. “சரி, பிரிவு வேண்டாம், பொதுவில் வைத்துக்கொள்ளுங்கள்” என்றால் தீர்ந்ததா?

இங்கேதான் வாதம் உடைகிறது. ஒருவரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெயர் வேண்டாம், இப்படிப் பலர் இருப்பார்கள்.

ஆரணியில் இரண்டு தறி உள்ள செங்குந்தர் வீடு. மூத்த பெண்ணுக்கு வயது 29. பட்டம் முடித்து, தறி வேலைக்கு இடையில் படித்து, ஒரே ஆண்டில் இரண்டு தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கிறாள். ஒன்று தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4. மற்றொன்று ஒன்றியப் பணியாளர் தேர்வாணையத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தகுதித் தேர்வு.

ஒன்றியத் தேர்வில் பொதுப் பிரிவுக்கு உச்ச வயது 27. ஓபிசிக்கு மூன்று ஆண்டு தளர்வு, ஆக 30. அவள் ‘ஓபிசி’ என்று தேர்வு செய்கிறாள். அதனால்தான் இணையதளம் அவள் விண்ணப்பத்தையே உள்ளே விட்டது. தேர்வில் நல்ல மதிப்பெண். ஆவணச் சரிபார்ப்புக்கு REV-101ஐ எடுத்துக்கொண்டு போகிறாள். அதில் ‘பிற்படுத்தப்பட்டோர்’ இருக்கிறது, கிரீமி லேயர் வரி இல்லை, ஒன்றியப் பட்டியலைப் பற்றிய குறிப்பும் இல்லை. அலுவலர் ஓபிசி கோரிக்கையை ஏற்கவில்லை. ‘சரி, பொதுவில் வையுங்கள்’ என்கிறாள். பொதுவில் வைத்தால் 27 வயதுக்கு மேற்பட்டவள். தேர்வு எழுதும் தகுதியே இல்லை. மதிப்பெண் பொதுப் பிரிவின் கட் ஆஃபைத் தாண்டியிருந்தாலும் அதே முடிவு. அவளை யாரும் பொதுவுக்கு ‘இறக்க’ மறுக்கவில்லை. இறக்கியவுடன் அவள் நிற்க அங்கே தரை இல்லை.

குரூப் 4 விண்ணப்பத்தில் பிரிவைச் சரியாகவே கொடுத்திருக்கிறாள். எண்ணையும் தேதியையும்தான் இரண்டு சான்றிதழ்களிலிருந்து கலந்துவிட்டாள். வயது இங்கே தடையில்லை. பதிவேற்றிய சான்றிதழிலோ புதிய எண்ணும் புதிய தேதியும். விண்ணப்பத்தில் புதிய எண், பழைய தேதி. இது விளக்கம் கேட்டுத் தீர்க்கக் கூடிய வேறுபாடு என்று சிலர் சொல்வார்கள். சில நேரம் தீரவும் தீரும். ஆனால் அது அறிவிக்கையின் வாசகத்தையும் அலுவலரின் முடிவையும் பொறுத்தது. தன் பத்து நிமிடக் கவனத்தில் இருந்ததை அவள் இன்னொருவர் விருப்புரிமையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

திருமணமாகியிருந்தால் இன்னொரு முள்ளும் உண்டு. சாதிச் சான்றிதழ் தந்தை பெயரில்தான் இருக்க வேண்டும்; கணவர் பெயரில் வாங்கியதைத் தமிழ்நாடு தேர்வாணையம் ஏற்பதில்லை. ஆதார், வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை எல்லாவற்றிலும் கணவர் பெயர் வந்துவிட்ட பெண், சாதிச் சான்றிதழையும் அதே வரிசையில் ‘அப்டேட்’ செய்துவிட்டால் கதை முடிந்தது.

மறுப்பு 5. நீதிமன்றம் ஏற்றதே?

எதை ஏற்றது என்று பார்க்க வேண்டாமா?

ஸ்காரியா வழக்கு மருத்துவ மேற்படிப்புச் சேர்க்கை பற்றியது. மாணவர்கள் டிப்ளமா தேர்வைக் கடைசித் தேதிக்கு முன்பே முடித்துவிட்டார்கள். விண்ணப்பத்தோடு சான்றிதழை இணைக்கவில்லை. தகுதி காலத்தில் வந்துவிட்டது, ஆதாரம் தாமதித்தது. கிஜ்ரோயாவின் வழக்கும் அதே சாயல். தில்லியில் செவிலியர் பணிக்கு விண்ணப்பித்தவர் அவர். ஓபிசி என்றுதான் கோரியிருந்தார், சான்றிதழ்தான் பிறகு வந்தது. இரண்டிலும் கோரிக்கை சரி, காகிதம் தாமதம். கோரிக்கையே தவறாகவோ, இல்லாத ஆவணத்தின் பெயரிலோ இருந்தவர்கள் இந்தத் தீர்ப்புகளை ஏணியாக்க முடியாது.

அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றம் நடந்த திசையையும் சொல்ல வேண்டும். 2023இல் திவ்யா வழக்கில், குடிமைப் பணித் தேர்வில் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு கோரியவர்கள், குறித்த தேதிக்குள் குறித்த வடிவில் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்றது. 2025இல் மோகித் குமார் வழக்கு ஆரணிக்கு இன்னும் நெருக்கம். உத்தரப் பிரதேசக் காவல் துறைத் தேர்வு. விண்ணப்பதாரர் ஓபிசி என்பதில் ஐயம் இல்லை. ஆனால் மாநில வேலைக்கு, ஒன்றிய அரசு வடிவத்தில் வாங்கிய சான்றிதழைக் கொடுத்தார். நீதிமன்றம் அவர் பக்கம் நிற்கவில்லை. நம் பிள்ளைகள் செய்வது அதே தவறைத் தலைகீழாக: ஒன்றிய வேலைக்கு மாநிலச் சான்றிதழ். கிஜ்ரோயாவை மேற்கோள் காட்டுபவர்கள் மோகித் குமாரை விட்டுவிட்டுப் பேசினால் பாதி வழக்கைத்தான் சொல்கிறார்கள்.

மறுப்பு 6. திருத்திக்கொண்டால் யாருக்கு நஷ்டம்?

அடுத்தவருக்கு. ‘யாருக்கும் நஷ்டமில்லை’ என்ற கண்ணி இந்த வாதத்திலேயே மிகவும் பலவீனமானது.

மாநிலப் பணியிடங்கள் 200 புள்ளிகள் கொண்ட சுழற்சி முறையில் பிரிவு வாரியாக நிரப்பப்படுகின்றன. கட் ஆஃப் ஒவ்வொரு வரிசையிலும் வேறு. மதிப்பெண் வெளியான பிறகு பிரிவை மாற்ற அனுமதித்தால் என்ன நடக்கும்? எந்த வரிசையில் தன் மதிப்பெண்ணுக்கு இடம் விழுகிறதோ, அந்த வரிசைக்கு உரிய சான்றிதழைத் தேடிக் கொண்டுவரும் ஆசை வரும். நீங்கள் நேர்மையாகத்தான் தவறு செய்தீர்கள் என்பதை அலுவலரால் உங்கள் முகத்தில் படிக்க முடியாது. நேர்மையான தவறையும் கணக்குப் போட்ட தவறையும் பிரித்துக் காட்டும் ஒரே கோடு தேதி. மதிப்பெண் தெரியும் முன் என்ன எழுதினீர்கள் என்பதே அந்தக் கோடு.

போலிச் சான்றிதழ் என்ற பின்னணியும் இந்தக் கடுமைக்கு உண்டு. 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சாதிச் சான்றிதழ்களை ஆராயக் கூர்நோக்குக் குழுக்கள் அமைக்கச் சொன்னது. 2017இல் ஜெகதீஷ் பாஹிரா வழக்கில், சான்றிதழ் செல்லாது என்றானபின் ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று சொல்லி வேலையைத் தக்கவைக்க முடியாது என்றது. எண்ணில் இலக்கம் மாறியவரை நான் போலிச் சான்றிதழ்காரரோடு சேர்க்கவில்லை. ஆனால் சரிபார்ப்பு என்ற அமைப்பே ‘எண்ணம்’ பார்ப்பதை விட்டு ஆவணம் பார்ப்பதாக ஏன் ஆனது என்பதற்கு இதுதான் வரலாறு.

இனி, எதிர்த்தரப்புக்கு நான் கொடுக்க வேண்டியதையும் கொடுத்துவிடுகிறேன். தவறு எல்லாம் விண்ணப்பதாரருடையது அல்ல. சான்றிதழிலேயே எழுத்துப் பிழை வருகிறது. அண்ணனுக்கு ‘கைக்கோளர்’, தங்கைக்கு ‘செங்குந்தர்’ என்று ஒரே வீட்டில் இரண்டு பெயர் வருகிறது; பட்டியலில் இரண்டும் சேர்ந்தே இருப்பதால் இது பெரும்பாலும் உயிரை வாங்காது, ஆனால் விளக்கம் கேட்க வைக்கும். தமிழில் ‘ஜெயந்தி’ ஆங்கிலத்தில் இரண்டு விதமாக இறங்குகிறது. எண் கேட்கும் இணையதளமே, அந்த எண்ணை வருவாய்த் துறையின் பதிவோடு அங்கேயே ஒப்பிட்டு, சான்றிதழில் உள்ள பெயரையும் சாதியையும் திரையில் காட்டிவிட்டால் பாதிப் பிழை பிறக்கவே பிறக்காது. அதைக் கேட்டுப் போராடுங்கள், நானும் வருகிறேன். அது விதியைத் தளர்த்தச் சொல்லும் கோரிக்கை அல்ல, தவறு நடக்கும் இடத்திலேயே பிடிக்கச் சொல்லும் கோரிக்கை.

அதுவரை செய்யக்கூடியது சின்னது. நிரப்ப உட்காரும் முன் ஒரே ஒரு சான்றிதழை மேசையில் வைத்து, மற்றதைப் பைக்குள் போட்டுவிட வேண்டும். எண், தேதி, பதவி, வட்டம் எல்லாம் அந்த ஒன்றிலிருந்து. பிறகு அதையேதான் பதிவேற்ற வேண்டும். எண்ணை அரசுத் தளத்தில் இட்டுத் தன் பெயரே வருகிறதா என்று பார்த்த பிறகு விண்ணப்பத்தில் எழுத வேண்டும். ஒன்றியத் தேர்வு என்றால் அறிவிக்கை வந்தபின் அலையாமல், முன்பே REV-115 எடுத்து, அதன் தேதி அந்த அறிவிக்கையின் வரம்புக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சான்றிதழிலேயே பிழை என்றால் திருத்திய சான்றிதழின் தேதியும் கடைசி நாளுக்குள் விழ வேண்டும்.

தமிழ்நாடு தேர்வாணையம் விண்ணப்பக் கடைசி நாளுக்குப் பிறகு திருத்தம் செய்ய மூன்று நாள் சாளரம் திறக்கிறது. ‘சரிபார்ப்பில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பவர்கள் அந்த மூன்று நாளில் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பிறகு, மாதங்கள் கழித்து, பட்டுக் கடை வாசலில் நின்று என்னிடம் கேட்கிறார்கள்: ஒரு நம்பர்தானே சார்?